எப்படியாவது என்றால் எப்படி?

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை. ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வீடு வருகிறேன். எப்படியாவது குரூப் 4 பாஸ் பண்ணிவிட வேண்டும் என்று ஜனவரியிலேயே முடிவெடுத்துவிட்டேன். ஆனால் புத்தகத்தைத் திறக்க மூடே வருவதில்லை. மனதை உற்சாகப்படுத்த ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், துறையூர்

பதில்: உற்சாகம் என்னிடம் ஸ்டாக் இல்லை. அதற்கென்றே மேடை போட்டு, பின்னணி இசை ஓடவிட்டு, தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பு இரண்டு வரி எழுதப்போய், உள்ளே தூங்கும் புலியைத் தட்டி எழுப்பிக்கொண்ட வாசகர்கள் பலர் எனக்குக் கடிதம் போட்டார்கள். புலிகள் இவ்வளவு எழுத்துப்பிழை விடும் என்று அதுவரை தெரியாது.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் 'எப்படியாவது'தான். 'எப்படியாவது வந்துடறேன்' என்று சொன்னவர் கல்யாணத்துக்கு வந்ததாகச் சரித்திரம் உண்டா? வருகிறவர், 'ராக்போர்ட்ல டிக்கெட் போட்டாச்சு, ஸ்டேஷனுக்கு யார் வர்றீங்க?' என்று கேட்பார். 'எப்படியாவது கைமாத்தைத் திருப்பித் தந்துடறேன்' என்று காதில் விழுந்த அன்றே, கொடுத்தவர் அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். 'எப்படியாவது இந்த வாரம் கட்டுரை வந்துடும் சார்' என்கிற எழுத்தாளர்களைப் பற்றித் தனிமலரே போடலாம், அதற்கும் அவர்கள் கட்டுரை தரமாட்டார்கள். அரசாங்கத் தமிழில் இதற்கு 'ஆவன செய்யப்படும்' என்று பெயர். யார் செய்வார், என்றைக்கு, எந்த மேஜையில் என்று எதுவும் இல்லாமல் ஒரு முழு வாக்கியம்! அரசுப் பணிக்குத் தேவையான நடை உங்களுக்கு இப்போதே கைவந்துவிட்டது. குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வு கிடையாது என்பது உங்கள் துரதிர்ஷ்டம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1990-களில் இதைத்தான் தோண்டினார். ஆசைக்கும் செயலுக்கும் நடுவே, 'இன்னது நடந்தால், இன்னது செய்வேன்' என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் செருகினால் என்ன ஆகும்? 1997-இல் அவரும் வெரோனிகா பிராண்ட்ஷ்டெட்டரும் வெளியிட்ட ஆய்வில், கிறிஸ்துமஸ் முந்தின இரவை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் சொன்னார்கள். வீடு நிறைய உறவினர்கள், மேஜை நிறையப் பலகாரம், யாருக்கு எழுத மூடு வரும்? எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுதி அனுப்பினார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் அனுப்பினார்கள். முடிவை முன்பே எடுத்து ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவிட்டால், அது நடக்கும்போது கண்ணில் சட்டென்று படுகிறது, அடுத்த வேலையும் யோசனை இல்லாமல் தொடங்கிவிடுகிறது. 'இன்னைக்குப் படிக்கலாமா வேண்டாமா' என்ற விவாதமே நடப்பதில்லை. ஒன்பதரை மணிக்குக் கால் கடுக்க வருகிற மனிதர் அந்த விவாதத்தில் எந்த நாளும் ஜெயிக்கப்போவதில்லை.

சரி, உங்கள் வாக்கியத்தைக் கட்டுவோம். முதல் பாதி, அதாவது 'நடந்தால்' என்ற பாதி, ஒவ்வொரு ராத்திரியும் தவறாமல், ஒரே ஒரு தடவை, கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற மாதிரி நடக்க வேண்டும். 'நேரம் கிடைத்தால்' உதவாது. நேரம் கிடைத்துவிட்டது என்று உங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? 'பத்து மணி ஆனால்' என்பது கொஞ்சம் தேவலாம், ஆனால் ஆடி தள்ளுபடி நாட்களில் பத்து மணிக்கு நீங்கள் சேலை மடித்துக்கொண்டிருப்பீர்கள். 'வீட்டுக்கு வந்தால்' என்பதும் பெரிய வலை: செருப்பைக் கழற்றுவதா, முகம் கழுவுவதா, சட்டையை மாட்டுவதா, எந்த நொடி? சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறீர்களே, அந்த நொடியைப் பிடியுங்கள். எவ்வளவு தாமதமானாலும் அது நடக்கும், கை ஈரமாக இருக்கும், அடுத்து என்ன என்று மனம் காலியாக இருக்கும்.

இரண்டாம் பாதி ஒரு நிமிடத்துக்குள் தொடங்கிவிடக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். 'படிப்பேன்' என்பது வேலையே அல்ல. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று அப்போதுதான் தேட வேண்டியிருந்தால் விவாதம் மறுபடி தொடங்கிவிடும். ஆகவே: 'ராத்திரி தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், அடுப்படி வாசலில் உட்கார்ந்து, கணக்கு நோட்டைத் திறந்து 5 கணக்கு போடுவேன்.' 200 கேள்விகளில் 25 கணக்கும் திறனறிவும். கேள்விக்கு ஒன்றரை மார்க், மொத்தம் முப்பத்தேழரை. அசந்த கண் பாடப் புத்தகத்தின் மேல் விழுந்தால் அங்கேயே தூங்கிவிடும். கணக்கு அப்படி விடாது, கை ஓட வேண்டும். அதனால்தான் ராத்திரிக்குக் கணக்கு. பழைய வினாத்தாளில் தனிவட்டியோ விகிதமோ ஒரு தலைப்பை எடுத்து, ஐந்து கணக்கைக் காலையிலேயே பென்சிலால் வட்டமிட்டு, நோட்டுக்குள் செருகி, மூடி திறக்கத் தேவையில்லாத பேனாவோடு அந்த வாசலில் வைத்துவிட்டுப் போங்கள். வாக்கியத்தைக் கையால் எழுதி மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு கண்ணை மூடி, தட்டு கவிழ்வதிலிருந்து முதல் கணக்கின் முதல் வரி வரை ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். இதைச் சடங்கு என்று விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் வாக்கியமே மறந்துபோகிறது.

5 கணக்கால் குரூப் 4 பாஸ் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. தமிழுக்கு மட்டுமே 100 கேள்வி இருக்கிறது, அதில் 40 சதவீதம் எடுக்காதவருக்கு மீதி விடைகளால் பயனில்லை. ஆனால் முதல் நாளே கணக்குக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று, நடப்பு நிகழ்வுக்கு ஒன்று என்று மூன்று வாக்கியம் எழுதிவிடாதீர்கள். எமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் இருவரும் 2012-இல் காட்டியது இதுதான்: ஒரு குறிக்கோளுக்கு இப்படித் திட்டம் போட்டால் பலன் கிடைக்கிறது, பலவற்றுக்கு ஒரே நேரத்தில் போட்டால் எல்லாவற்றையும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் மனதில் பெரிதாக நிற்கிறது. ராத்திரிக் கணக்கு இரண்டு மூன்று வாரம் தானாக ஓடட்டும். அப்புறம் காலை பஸ்ஸில் சீட் கிடைத்ததும் பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் என்று அடுத்த வாக்கியத்தைக் கட்டலாம். சீட் கிடைக்காத நாளுக்கு என்ன என்றும் சேர்த்தே எழுதுங்கள், துறையூர் பஸ் எனக்கும் தெரியும்.

அடுத்து மொபைல். 'சாப்பிட்டதும் மொபைலைத் தொடமாட்டேன்' என்று எழுதத்தான் கை முதலில் போகும். எழுதாதீர்கள். எதைச் செய்யக்கூடாது என்று வாக்கியம் கட்டினால், அந்த நேரம் வந்ததும் மனதில் முதலில் எழுவது அந்தப் பொருளே. மரீகே ஆட்ரியான்சே என்ற நெதர்லாந்து ஆய்வாளர் தின்பண்ட ஆசையை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். 'தொடமாட்டேன்' இருக்கும் இடத்தில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: 'மொபைல் கைக்கு வந்தால், சார்ஜரில் மாட்டி அலமாரி மேல் வைப்பேன்.' கை அதை எடுக்கத்தான் போகிறது, எடுத்த கை அடுத்து எங்கே போகும் என்பதைத்தான் தீர்மானிக்கிறோம்.

ஒரு வாரம் கழித்து, தவறிய நாட்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். தட்டைக் கழுவினேன், படுத்தபிறகுதான் கணக்கு ஞாபகம் வந்தது என்றால் முதல் பாதியில் கோளாறு. வேறு நிகழ்ச்சியைப் பிடியுங்கள், அல்லது நோட்டைத் தட்டு வைக்கும் அலமாரிக்கே மாற்றுங்கள். ஞாபகம் வந்தது, ஆனால் நழுவினேன் என்றால் வேலை பெரிது. 5 கணக்கை 2 ஆக்குங்கள். உட்கார்ந்தேன், நடுவில் எழுந்துவிட்டேன் என்றால் எழுப்பியது எது என்று பார்த்து, அதற்கு மட்டும் ஒரு வாக்கியம். தவறிய கணக்கை மறுநாள் சேர்த்துப் போடுகிற வட்டிக்கடைப் புத்தி மட்டும் வேண்டாம். நேற்றைய ஐந்தும் இன்றைய ஐந்தும் சேர்ந்து பத்தானால், நாளைக்குப் பதினைந்தாகிவிடும். நாலாம் நாள் நோட்டைக் கண்டாலே ஓடுவீர்கள். தவறினால் தவறியதுதான். இன்றைக்கு அதே ஐந்து.

பழைய பாக்கியைச் சேர்ப்பதில்லை, வேலையைச் சின்னதாக்கிவிட்டேன், ஞாபகமும் வருகிறது, இருந்தும் தினமும் நழுவுகிறேன் என்றால் கோளாறு வாக்கியத்தில் இல்லை. குரூப் 4 உங்கள் ஆசையா, அப்பா ஆசையா என்று விசாரியுங்கள். உள்ளே குறிக்கோள் பலமாக இல்லாதவர்களிடம் இந்த வித்தை எடுபடுவதில்லை என்பது ஆய்வுகளிலேயே தெரிந்த விஷயம். மேடைப் பேச்சாளர்கள் மாதிரி நானும் இதைச் சர்வரோக நிவாரணியாக விற்கக் கூடாது அல்லவா? அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஊழியர்களுக்கு இலவச ஃப்ளூ ஊசிக்கான கடிதத்தில் தேதியும் நேரமும் குறிக்க இடம் விட்டார்கள். வெறும் கடிதம் பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், குறிக்க இடம் இருந்தவர்களில் 37 சதவீதம் பேர். 2011-இல் வந்த முடிவு இது. நாலு சதவீதம், அவ்வளவுதான். 2018-இல் வந்த இன்னோர் ஆய்வில், ஒரு ஜிம்மின் உறுப்பினர்களை என்றைக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று திட்டம் போட வைத்தார்கள். வருகை கூடவே இல்லை. அவர்கள் நாளும் மணியும்தான் எழுதினார்கள். அந்த மணிக்கு ஆபீஸில் மீட்டிங் நீண்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. இது என் ஊகம், ஆய்வாளர்கள் தலையில் கட்டாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வறையில் 180 நிமிடத்துக்கு 200 கேள்வி, ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. பலருக்கு அடி விழுவது தெரியாத கேள்வியில் அல்ல, 'இது எனக்குத் தெரியுமே' என்று நாலு நிமிடம் மல்லுக்கட்டுகிற கேள்வியில். அதற்கும் வீட்டிலேயே வாக்கியம் தயாரித்து, மாதிரித் தேர்வுகளில் பழக்கிக்கொள்ளுங்கள்: 'இரண்டு தடவை படித்தும் முதல் வரி ஓடாவிட்டால், எண்ணை ரஃப் இடத்தில் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன்.' கடைசிக் கால் மணி நேரத்தை அந்த எண்களுக்கு ஒதுக்குங்கள். அதிலும் விடை வராதவற்றுக்கு 'விடை தெரியவில்லை' என்று ஆணையமே ஒரு வட்டம் கொடுத்திருக்கிறது. தெரியவில்லை என்று கறுப்பு மையில் ஒப்புக்கொள்ள அரசாங்கம் இடம் கொடுத்த ஒரே காகிதம் அதுதான். ஆணையர்கள், செயலர்கள் அலுவலகங்களுக்கும் ஒரு கட்டு அனுப்பிவைத்தால் தேவலை.