கைத்தறிப் பட்டுப் புடவையின் நிறத்தை எப்படி நேர்மையாக விவரிப்பது?

"படத்தில் பச்சை, கையில் வந்தது நீலம். விற்கும்போது இதை எப்படி எழுதுவது?"

பாவு என்பது நீளவாக்கு நூல், ஊடை என்பது குறுக்கு நூல். பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் இருந்தால், பார்க்கும் கோணத்துக்கேற்ப ஒரு நிறம் தூக்கலாகத் தெரியும். மயில் தலையைத் திருப்பும்போது கழுத்து நிறம் மாறுவதுபோல. ஆகவே "மயில்கழுத்து நிறம்" என்பதோடு நிறுத்தாமல், "பாவு நீலம், ஊடை பச்சை, மடிப்பில் நீலம் தெரியும்" என்று எழுதுங்கள். படம் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், விரித்து ஒன்று, மடித்து ஒன்று. மஞ்சள் விளக்கில் எடுத்தால் நீலம் செத்துவிடும்.

கையால் சாயம் தோய்ப்பதால் ஒரே நிறத்தில்கூட அடுத்த தோய்ப்பு சற்று மாறும். "இன்னொன்று கேட்டால் இதே சாயல் வராது" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

அளவுக்குப் புடவையைச் சமமாகப் பரப்பி, இழுக்காமல் அளக்கவும். "மொத்தம் 6.3 மீட்டர், இதில் ரவிக்கைத் துணி 0.8" என்று பிரித்துச் சொன்னால் சண்டை வராது. பராமரிப்புக்கு ஒரே வரி: உலர்சலவை, நிழலில் வைப்பு.

இரட்டை நிறத்தைச் சாயம் போனதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியால் தேயுங்கள். சாயம் போவதென்றால் துணியில் கறை ஒட்டும், நெசவு நிறம் ஒட்டாது.