ரெஃபரல் காகிதக் கட்டிலிருந்து காலவரிசை எழுதுவது எப்படி?

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். வேறு இடத்திலிருந்து அனுப்பப்படும் நோயாளிகள் பை நிறையக் காகிதத்தோடு வருகிறார்கள். சீட்டு, பில், ரிப்போர்ட் எல்லாம் கலந்து கிடக்கிறது. எப்போது என்ன அறிகுறி, எப்போது என்ன மருந்து என்று தேதிவாரியாக எழுத எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

எடுத்த எடுப்பிலேயே காகிதங்களைத் தேதிப்படி அடுக்க வேண்டாம். வந்த வரிசையிலேயே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலால் எண் போடுங்கள். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதற்கும் ஒரு எண். பிறகு நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். இரண்டு காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும்போது மூலத்தை உடனே எடுத்துப் பார்க்க வேறு வழியில்லை. முரண்பாடு கட்டாயம் வரும்.

அடுத்து, எதை முதலில் படிப்பது. பெரும்பாலானோர் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுப்பார்கள், தட்டச்சில் அழகாக இருப்பதால். நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன். அது வீட்டுக்கு அனுப்பும் நாளில், பழைய குறிப்புகளைப் பார்த்து எழுதப்படுவது. நடந்த நேரத்திலேயே பதிவான காகிதங்கள் மூன்று: லேப் ரிப்போர்ட், வார்டில் மருந்து கொடுத்த சார்ட்டின் நகல், மருந்துக்கடை பில். முதுகெலும்பை இவற்றிலிருந்து கட்டுங்கள்.

பொது மருத்துவ வார்டில் நான் பார்த்த ஒருவரின் காகிதங்களை வைத்தே சொல்கிறேன். நாற்பதுகளில் இருந்த ஆண், மொத்தம் 34 பக்கங்கள். ஜூலை 5 தேதியிட்ட ரெஃபரல் கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "3 வாரமாகக் காய்ச்சல், பிளட் கல்ச்சர் நெகட்டிவ், காரணம் தெரியவில்லை." மறுநாள் எங்களிடம் வந்தார்.

அந்த "3 வாரம்" எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஜூன் 23 அன்று அவரை அட்மிட் செய்தபோது எழுதிய குறிப்பில் அதே சொற்கள் இருந்தன. டிஸ்சார்ஜ் சம்மரி அதைப் பார்த்து எழுதியது, ரெஃபரல் கடிதம் சம்மரியைப் பார்த்து எழுதியது. நாட்கள் ஓடிவிட்டன, சொற்கள் மட்டும் அப்படியே நின்றன. ஆகவே "இத்தனை நாளாக" என்று எங்கே பார்த்தாலும் அந்தச் சொற்கள் முதன்முதலில் வந்த காகிதத்தைக் கண்டுபிடித்து, அதன் தேதியிலிருந்து கழியுங்கள். இவருக்கு மிகப் பழைய சீட்டு ஜூன் 6, அதில் "4 நாளாகக் காய்ச்சல்". அப்படியானால் தொடக்கம் ஜூன் 2. எங்களிடம் வந்தபோது ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகியிருந்தது.

மருந்துகளுக்கு வருவோம். சீட்டு சொல்வது மருத்துவர் எழுதியதை, பில் சொல்வது நோயாளி வாங்கியதை. பில்லில் உள்ள எண்ணிக்கையை ஒரு நாளுக்கான அளவால் வகுத்தால், அதிகபட்சம் எத்தனை நாள் சாப்பிட்டிருக்க முடியும் என்பது தெரியும். ஜூன் 6 பில்லில் அமாக்சிசிலின் 15, நாளுக்கு மூன்று வேளை. ஐந்து நாள், ஜூன் 10-இல் முடிந்திருக்கும். ஜூன் 14 பில்லில் செஃபிக்சிம் 10, இரண்டு வேளை. ஜூன் 18-இல் முடிவு. (வணிகப் பெயர்கள் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்தாக இருக்கலாம், எனவே மூல மருந்தின் பெயரையே எழுதுங்கள்.) இப்படிக் கணக்கிட்டுப் பெற்ற தேதிக்குப் பக்கத்தில் "கணக்கு" என்றும், வாய்மொழியாகக் கேட்டதற்கு "சொன்னது" என்றும் குறியுங்கள். மூன்று வாரம் கழித்துப் படிப்பவருக்கு எது உறுதி, எது ஊகம் என்று தெரிய வேண்டும்.

இனி லேப் ரிப்போர்ட். அதில் பெரும்பாலும் மாதிரி எடுத்த தேதி, ரிப்போர்ட் வந்த தேதி என்று குறைந்தது இரண்டு தேதிகள் இருக்கும். கொட்டை எழுத்தில் கண்ணில் படுவது பெரும்பாலும் ரிப்போர்ட் தேதிதான். சர்க்கரை, ஹீமோகுளோபின் போன்றவற்றில் இது பெரிய விஷயமில்லை, ஒரே நாளில் வந்துவிடும். கல்ச்சரில் அப்படியில்லை. பிளட் கல்ச்சரை வழக்கமாக ஐந்து நாள் வைத்திருந்து பார்த்த பிறகே நெகட்டிவ் என்பார்கள். இவருடைய ரிப்போர்ட் தேதி ஜூன் 30. மாதிரி எடுத்தது ஜூன் 25 காலை. மருந்து சார்ட்டில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி தொடங்கியது ஜூன் 23 இரவு. அதாவது இரண்டு டோஸ் உள்ளே போன பிறகுதான் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அப்படி வரும் நெகட்டிவை வைத்துக் கிருமி இல்லை என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதியபோது இப்படி வந்தது:

ஜூன் 2: காய்ச்சல் தொடக்கம் (கணக்கு)
ஜூன் 6–10: அமாக்சிசிலின், காய்ச்சல் நின்றது (சொன்னது)
ஜூன் 12: மீண்டும் காய்ச்சல் (கணக்கு)
ஜூன் 14–18: செஃபிக்சிம், நின்றது (சொன்னது)
ஜூன் 21: மீண்டும் காய்ச்சல் (சொன்னது)
ஜூன் 23–28: செஃப்ட்ரியாக்சோன், நின்றது (சார்ட்)
ஜூன் 25: பிளட் கல்ச்சர் எடுத்தது
ஜூன் 30: மீண்டும் காய்ச்சல் (சொன்னது)

மூன்று முறையும் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் காய்ச்சல் அடங்குகிறது, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் திரும்புகிறது. எந்த ஒரு காகிதத்திலும் இது இல்லை. ஒவ்வொரு மருத்துவரும் தன் பங்கு நாட்களை மட்டுமே பார்த்திருந்தார்.

இன்னொன்று, காகிதமே இல்லாத நாட்களை ஒட்டிச் சேர்த்துவிடாதீர்கள். வெற்று வரியாக விட்டு, அதைப் பற்றியே கேளுங்கள். ஜூன் 28-க்குப் பிறகு இவர் என்ன மருந்து சாப்பிட்டார் என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியோ ஐந்து நாள் செஃபிக்சிம் என்று சொன்னது, ஆனால் அதற்கான பில் காணோம். மனைவியிடம் கேட்டேன். "காய்ச்சல்தான் விட்டுடுச்சேன்னு வாங்கலைங்க டாக்டர். அப்புறம் வந்ததுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான் குடுத்தோம்" என்றார். அந்த ஒரு பதிலில், எட்டு நாளாக உடம்பில் ஆன்டிபயாட்டிக் போகவில்லை என்பது தெரிந்தது. கல்ச்சர் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

நாடி, ரத்த அழுத்தம் சீராக இருந்ததால், மருந்து தொடங்கும் முன் வெவ்வேறு இடங்களிலிருந்து மூன்று செட் ரத்தம் எடுத்தோம். இதயத்தில் மெல்லிய முணுமுணுப்புச் சத்தம் கேட்டது, எக்கோவில் மைட்ரல் வால்வில் கிருமிப் படிவு தெரிந்தது. கல்ச்சரில் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்தது. இதய வால்வுத் தொற்று. நான்கு வாரம் ஊசி மருந்து கொடுத்தோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காலவரிசை தொடர்பைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. மருந்தால் அடங்கியதா, தானாக அடங்கியதா என்பதை அடுத்த பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அதனால் வரிசை எழுதும் தாளில் உங்கள் நோய்க்கணிப்பை எழுதாதீர்கள். மனதில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் தேதிகள் தாமாக அதன் பக்கம் சாயும். "ஏறத்தாழ 12" என்பது "12" ஆகிவிடும். தாளின் கடைசியில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள். இவருடைய தாளில் நான் எழுதிய கேள்வி, "கல்ச்சர் மருந்துக்கு முன்பா, பின்பா?"

03/04 போன்ற தேதியைப் பார்த்தால் அந்த இடத்தின் வேறு காகிதத்தில் 12-க்கு மேல் உள்ள எண் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள், நாள் எது மாதம் எது என்று தெரிந்துவிடும். நோயாளிக்குத் தேதி நினைவில்லை என்றால் "எந்த நாள்" என்று கேட்காமல் "பையனுக்குப் பரீட்சை தொடங்கும் முன்பா, பின்பா" என்று கேளுங்கள். தவறாக எழுதியதை அழிக்க வேண்டாம். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதையும் திருத்திய தேதியையும் எழுதி வையுங்கள்.