மாதாந்தத் தவணை வைப்பு: 24 மாத முடிவில் உண்மையில் எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு வங்கிக் கிளையில் விசாரித்தேன். மாதம் 10,000 ரூபா, 24 மாதம், 9% வட்டி என்றார்கள். நான் கணக்குப் போட்டால் 283,200 வருகிறது. அவர்கள் எழுதித் தந்த தாளில் 263,849 என்று இருக்கிறது. எது சரி? இதை நானே எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பதில்:

தாளில் இருக்கும் தொகை சரி. ஆனால் அது சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் சரி. அவை உங்கள் கணக்குக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதலில் உங்கள் 283,200. மொத்தமாகக் கட்டும் 240,000க்கு 9% என்று எடுத்து, இரண்டு வருடத்தால் பெருக்கி 43,200 வட்டி என்று கண்டிருக்கிறீர்கள். முழு 240,000ஐயும் முதல் நாளே நிலையான வைப்பில் போட்டிருந்தால் அது பொருந்தும். தவணையில் கட்டும்போது முதல் பத்தாயிரம்தான் 24 மாதமும் வங்கியில் கிடக்கிறது. இரண்டாவது 23 மாதம், மூன்றாவது 22 மாதம், கடைசிப் பத்தாயிரம் ஒரேயொரு மாதம். சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் வங்கியில் இருப்பது 12.5 மாதம். மாத வட்டி 0.75%. அப்படியென்றால் 240,000 × 0.0075 × 12.5 = 22,500. நீங்கள் எதிர்பார்த்ததில் ஏறக்குறையப் பாதி. இந்தச் சுருக்கு வழியை மனதில் வைத்திருங்கள். கவுண்டரில் நின்றபடியே போன் கல்குலேற்றரில் போட்டுப் பார்க்கலாம். மாதங்களோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி மாதம் வந்துவிடும்.

இந்த 22,500 தனிவட்டி. வட்டிக்கு வட்டி சேரும்போது இன்னும் கொஞ்சம் கூடும். முதல் மூன்று மாதத்தைக் கையால் போட்டால் அது எப்படிச் சேருகிறது என்று விளங்கும். ஜனவரி 5ஆம் திகதி 10,000 கட்டுகிறீர்கள். பெப்ரவரி 5இல் 75 ரூபா வட்டி சேர, அன்றே அடுத்த தவணையையும் கட்டினால் இருப்பு 20,075. மார்ச் 5இல் அதற்கு வட்டி 150.56. மூன்றாவது தவணையோடு இருப்பு 30,225.56. ஏப்ரல் 5இல் வட்டி 226.69 சேர்ந்து, நான்காவது தவணை கட்டுமுன் 30,452.25. இப்படியே 24 தடவை போனால் 263,848.84 வரும். தாளில் இருப்பது இதுதான்.

அத்தனை தடவை போடாமல் ஒரே வரியில் காண:

```
M = P × (1 + i) × ((1 + i)^n − 1) / i

P = 10000,  n = 24,  i = 9 / 1200 = 0.0075
(1.0075)^24 = 1.196414
M = 10000 × 1.0075 × 0.196414 / 0.0075 = 263849
```

எக்செல் இருந்தால் இன்னும் லேசு:

```
=FV(0.09/12, 24, -10000, 0, 1)
```

கடைசியில் இருக்கும் அந்த 1ஐ விட்டுவிட வேண்டாம். தவணை ஒவ்வொரு மாதத்தின் தொடக்கத்திலும் கட்டப்படுகிறது என்பது அதன் பொருள். அதை விட்டால் எக்செல் மாத முடிவில் கட்டுவதாக எடுத்துக்கொண்டு 261,884.71 என்று காட்டும். வித்தியாசம் 1,964 ரூபா. பலர் "என் கணக்கும் வங்கியின் கணக்கும் ஒத்துவரவில்லை" என்று குழம்புவது இந்த இடத்தில்தான்.

இது வெறும் எக்செல் பிரச்சினையும் இல்லை. முதிர்வுத் திகதி எது என்று கட்டாயம் கேளுங்கள். முதல் தவணை 2026 ஜனவரி 5 என்றால், 24ஆவது தவணை 2027 டிசம்பர் 5இல் வரும். பணம் கைக்கு வருவது 2028 ஜனவரி 5 என்றால் 263,849 சரி. கடைசித் தவணை கட்டிய அன்றே கணக்கு முதிர்ந்துவிடும் என்றால் 261,885தான். மொத்த இருப்புக்கும் ஒரு மாத வட்டி போய்விடுகிறது. ஆனால் பணமும் ஒரு மாதம் முன்னதாகவே கைக்கு வருகிறது, அதனால் இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. இரண்டு வங்கிகளின் தாள்களை ஒப்பிடும்போது மட்டும் இதைக் கவனிக்காமல் விட்டால் நல்ல வங்கியைத் தவறவிடுவீர்கள்.

அடுத்தது, அந்த 9% எந்த 9%? வங்கிகளின் வட்டி வீத அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு நிரல் இருக்கும். ஒன்று வருட வட்டி வீதம், மற்றது ஏ.ஈ.ஆர். எனப்படும் வருடாந்தப் பயனுறு வீதம். மாதம் 0.75% சேர்ந்துகொண்டே போனால் வருட முடிவில் 9.38% ஆகிவிடும். அதுதான் ஏ.ஈ.ஆர். உங்களுக்குச் சொன்ன 9% வெறும் வருட வீதமாக இருந்தால் மேலே உள்ள கணக்கு. ஏ.ஈ.ஆர். 9% என்றால் அதைப் பன்னிரண்டால் வகுக்கக் கூடாது. 1.09இன் பன்னிரண்டாம் மூலத்தை எடுக்க வேண்டும்:

```
=FV(1.09^(1/12)-1, 24, -10000, 0, 1)
```

மாத வீதம் 0.7207% ஆகிறது, முதிர்வுத் தொகை 262,866. ஏறத்தாழ 980 ரூபா குறைவு. விளம்பரப் பதாகையில் பெரிய எழுத்தில் இருப்பது எந்த வீதம் என்று அடிக்குறிப்பைப் பாருங்கள், வழக்கமாகக் கூடிய எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள்.

இணையத்தில் தேடினால் முதலில் வரும் கணிப்பான்கள் பெரும்பாலும் இந்தியாவுக்கானவை. அங்கே தவணை வைப்புக்குக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி கூட்டுவது வழக்கம். உங்கள் எண்களைப் போட்டால் அவை 263,671 அளவில் காட்டும். இது 178 ரூபா வித்தியாசம்தான், பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. மாதமா காலாண்டா என்பதைவிட மேலே சொன்ன முதிர்வுத் திகதிதான் பத்து மடங்கு கனமானது. அதேபோல வங்கி நாட்கணக்கில் வட்டி போட்டால் 28 நாள் மாதமும் 31 நாள் மாதமும் கலந்து, சில ரூபா முன்பின்னாகும். அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி வரி. தாளில் இருப்பது வரிக்கு முந்திய தொகை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் எண் அச்சொட்டாக ஒத்துப்போகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டி வருமானத்தில் 10% வரியை வங்கியே பிடித்துக்கொள்கிறது. வட்டி சேரும் ஒவ்வொரு மாதமும் பிடித்தால், உங்கள் மாத வீதம் 0.75% இல்லை, 0.675%. சூத்திரத்தில் அதைப் போட்டால் 261,338 வரும். எல்லா வட்டியையும் கடைசியில் கூட்டி ஒரேயடியாகப் பிடித்தால் 261,464. உங்கள் மொத்த வருமானம் வருடம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால், வங்கியிடம் சுய பிரகடனப் படிவம் கொடுத்து இந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். கணக்குத் திறக்கும் அன்றே கொடுத்துவிடுங்கள். பிடித்த பிறகு திருப்பி எடுப்பதற்கு இறைவரித் திணைக்களத்துக்கு அலைய வேண்டிவரும்.

நான் கட்டாயம் கேட்கச் சொல்லும் இன்னொரு கேள்வி: 24 மாதமும் 9% மாறாதா? மாதாந்தச் சேமிப்புத் திட்டங்கள் சிலவற்றில் வீதம் சந்தையோடு மாறும். தாளில் போட்ட தொகை இன்றைய வீதம் நீடித்தால் வரக்கூடியது மட்டும். 12 மாதத்துக்குப் பிறகு 8% ஆகிவிட்டது என்று வையுங்கள். முதல் வருட முடிவில் இருப்பு 126,014. அதை ஆரம்ப இருப்பாக வைத்து மிகுதி 12 மாதத்தைப் போட வேண்டும்:

```
=FV(0.08/12, 12, -10000, -126014, 1)
```

விடை 261,802. இரண்டாவது வருடத்தில் மட்டும் ஒரு வீதம் இறங்கியதற்கு 2,047 ரூபா போய்விட்டது. காரணம், இந்த வகை வைப்பில் வட்டியின் பெரும்பகுதி பின்பாதியில்தான் சேருகிறது. உங்கள் கணக்கில் முதல் வருட வட்டி 6,014 மட்டும், இரண்டாம் வருடம் 17,835. இடையில் உடைப்பவர்களுக்குக் கை கடிப்பதும் இதனால்தான். பாதி வழியில் நிறுத்தினால் பாதி வட்டி வராது, கால்வாசிதான் வரும். அதுவும் சாதாரண சேமிப்பு வட்டிக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கும் நிபந்தனை இருந்தால் இன்னும் குறையும்.

தவணை பிந்தினால்? பத்தாவது தவணையை ஒரு மாதம் பிந்திக் கட்டினால் வட்டியில் இழப்பு முடிவில் சுமார் 83 ரூபாதான். பயப்பட வேண்டியது அதற்கில்லை. இத்தனை தவணை தவறினால் திட்டமே சாதாரணக் கணக்காக மாறும் என்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். சம்பளம் விழும் நாளுக்கு அடுத்த நாளில் ஸ்டாண்டிங் ஓடர் போட்டுவிட்டால் இந்தக் கவலை இல்லை.

கடைசியாக, தாளில் வீதம் எழுதாமல் முதிர்வுத் தொகையை மட்டும் தரும் இடங்களும் உண்டு. அப்போது தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். 10,000 படி 24 மாதம் கட்டினால் 262,500 தருவதாக ஒரு இடம் சொல்கிறது என்று வையுங்கள்:

```
=RATE(24, -10000, 0, 262500, 1)*12
```

சுமார் 8.5% என்று வரும். "9%" என்று வாயால் சொல்லி இந்தத் தொகையைத் தந்தால், அவர்கள் வட்டிக்கு வட்டி கூட்டாமல் தனிவட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். மேலே சுருக்கு வழியில் வந்த 22,500 இதுதானே. உங்கள் தாளில் உள்ள 263,849ஐ இதே வரியில் போட்டால் 9% வருகிறது. ஆகவே திங்கட்கிழமை கிளைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை முதிர்வுத் திகதி, வீதம் மாறுமா என்பது, வரி எப்போது பிடிக்கிறார்கள் என்பது. விடைகளை அந்தத் தாளிலேயே எழுதி, முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.