நீளமான முடிக்கு ஃபெதர் கட், ஸ்டெப் கட், யு கட்: எது ஏற்றது?

கேள்வி: எனக்கு வயது 32. இடுப்பு வரை முடி இருக்கிறது. நான்கு மாதங்களுக்கு முன்பு டெங்கு காய்ச்சல் வந்தது. இப்போது ஒன்றரை மாதமாக முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. பின்னல் கீழே எலிவால் போல் ஆகிவிட்டது. பார்லரில் ஃபெதர் கட் செய்தால் அடர்த்தியாகத் தெரியும் என்கிறார்கள். அக்கா ஸ்டெப் கட் நல்லது என்கிறாள். அம்மா யு கட் போதும் என்கிறார். எதைச் செய்தால் முடி கொட்டுவது நிற்கும்? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

மருத்துவர் பதில்:

எந்த வெட்டும் முடி கொட்டுவதை நிறுத்தாது. முடி வளர்வதும் உதிர்வதும் தோலுக்குள் இருக்கும் வேரில் தீர்மானமாகின்றன. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை என்பதால், அதை எந்த வடிவில் வெட்டினாலும் வேருக்கு அது தெரியாது. கடுமையான காய்ச்சலின்போது வளரும் நிலையில் இருந்த வேர்களில் பல ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடும். அந்த முடிகள் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மொத்தமாக உதிரும். உங்களுக்கு உதிர்வு தொடங்கிய காலம் இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. வேறு காரணம் எதுவும் சேராவிட்டால், இவ்வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானாக அடங்கி, இழந்த முடி திரும்ப முளைத்துவிடும்.

ஆகவே, கொட்டி மெலிந்திருக்கும் இந்த முடியை, புதிய முடி வளர்ந்து சேரும் வரை, எந்த வெட்டு குறைந்த சேதத்தோடு காப்பாற்றும் என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, உங்கள் அம்மா சொல்வதே இப்போதைக்குச் சரி.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. இடுப்பு வரை வரும் முடி ஏறத்தாழ 70 செ.மீ. இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனி ஐந்தாறு ஆண்டுகள் பழையது. அத்தனை ஆண்டு வெயிலும் சீப்பும் ஷாம்பும் பட்டு, இழையை மூடியிருக்கும் செதில் போன்ற வெளிப்படலம் நுனியில் தேய்ந்து போயிருக்கும். ஃபெதர் கட் செய்பவர்கள் பெரும்பாலும் ரேசரையோ பல் வைத்த தின்னிங் கத்தரியையோ பயன்படுத்தி, நுனிகளைச் சாய்வாகச் சீவி மெல்லியதாக்குகிறார்கள். நேராக வெட்டிய இழையைவிடச் சாய்வாகச் சீவப்பட்ட இழையில் உட்பகுதி அதிகம் வெளியே தெரிவதால், ஏற்கெனவே படலம் தேய்ந்த பழைய நுனி விரைவில் பிளவுபடுகிறது. அடர்த்தியான, கனமான முடியின் பாரத்தைக் குறைக்கத்தான் இந்த வெட்டு பயன்படுகிறது. மெலிந்த முடியிலிருந்து மேலும் பருமனை எடுத்தால், பார்லரிலிருந்து வரும் அன்று பூரிப்பாகத் தெரியும். தலைக்குக் குளித்த பிறகு நுனிகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அதைப் படிய வைக்க ட்ரையரும் ஸ்ட்ரெயிட்னரும் அடிக்கடி தேவைப்படும், அந்தச் சூட்டில் இழைகள் மேலும் உடையும். இந்தக் காரணங்களால், ஃபெதர் கட் இப்போது வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஸ்டெப் கட் அவ்வளவு கேடானதன்று. நல்ல கத்தரியால் படிப்படியாக வெட்டினால் இழைக்குத் தனியாகச் சேதம் எதுவும் இல்லை. ஆனால் மேல் படிகளுக்காக வெட்டப்படும் முடி எல்லாம் கீழ்ப்பகுதியின் பருமனிலிருந்துதான் குறைகிறது. தோள் அளவில் முதல் படி வைத்தால் அந்த முடி திரும்ப இடுப்பை எட்ட மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும், அதுவரை உங்கள் பின்னல் கீழே இன்னும் மெலிந்தே இருக்கும். குட்டையான முடிகள் பின்னலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டும் நிற்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. காய்ச்சலில் உதிர்ந்த முடிகளுக்குப் பதிலாக முளைப்பவை அடுத்த ஓராண்டில் சுமார் 12 செ.மீ. நீளமே எட்டியிருக்கும் என்பதால், உங்கள் தலையில் இயற்கையாகவே ஒரு படி உருவாகப் போகிறது. அதன் மேல் நாமாக வேறு படிகளை வைப்பது தேவையற்றது. உதிர்வு நின்று, ஓராண்டு கழித்து அடர்த்தி திரும்பிய பிறகு, அக்கா விரும்பியபடி ஸ்டெப் கட் செய்துகொள்ளலாம்.

யு கட்டில் மேலே உள்ள முடியைத் தொடுவதே இல்லை. பின்புறம் அடிவிளிம்பை மட்டும் வளைவாக வெட்டுகிறார்கள். நடுவில் நீளமாகவும் இரு பக்கங்களில் சில சென்டிமீட்டர் குறைவாகவும் இருக்கும். மெலிந்த நுனி நீங்கி, இருக்கும் முடி எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் முடிவதால், உதிர்வு நிற்காமலேயே முடி அடர்த்தியாகத் தெரியும்.

எவ்வளவு வெட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, கழுத்தருகே அதன் பருமனை விரல்களால் பிடித்துப் பாருங்கள். பிறகு கீழே இறங்கி, அது ஏறக்குறைய பாதியாகக் குறையும் இடத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். வளைவின் நடுப்புள்ளி அந்த இடத்தில் இருக்கட்டும். அது நுனியிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் இருந்தால், இழக்கும் நீளம் பத்து மாதங்களில் வந்துவிடும். 20 செ.மீ.க்கு மேல் வந்தால் ஒரேயடியாக வெட்ட மனம் வராது. பாதியை இப்போதும் மீதியை ஆறு மாதம் கழித்தும் வெட்டலாம். ரேசரும் தின்னிங் கத்தரியும் வேண்டாம், சாதாரணக் கத்தரி மட்டும் போதும் என்று வெட்டுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்குச் சுருட்டை முடியாக இருந்தால், ஈரத்தில் நீண்டு காய்ந்ததும் சுருங்கிவிடும் என்பதால், காய்ந்த நிலையில் வெட்டச் சொல்வது நல்லது.

இன்னும் சில வாரங்களில் நெற்றியோரத்திலும் வகிட்டிலும் குட்டை முடிகள் தெரியும். அவற்றைப் பார்த்து முடி உடைகிறது என்று யாராவது சொன்னால் உடனே நம்பி, கெரட்டின் போன்ற சிகிச்சைகளுக்குச் சம்மதிக்க வேண்டாம். புதிதாக முளைத்த முடியின் நுனி கூர்மையாக இருக்கும். உடைந்த முடியின் நுனி மழுங்கியோ பிளந்தோ இருக்கும். சீப்பில் சேரும் முடியையும் கவனியுங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. குமிழ் இல்லாமல் நீளம் குறைந்த துண்டுகளாக விழுந்தால் அது உடைவு. முதல் வகைக்கு வெட்டு எதுவும் செய்யாது, இரண்டாவதற்கு யு கட்டும் சூட்டைத் தவிர்ப்பதும் உதவும்.

வெட்டிய பிறகும் இறுக்கமான பின்னலும் உச்சியில் இழுத்துக் கட்டும் கொண்டையும் வேண்டாம். வேர்கள் ஓய்வில் இருக்கும்போது அந்த இழுப்பு உதிர்வைக் கூட்டும். ஹீமோகுளோபின், இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் குறைந்திருந்து, காய்ச்சலுக்குப் பிறகான உதிர்வு அடங்காமல் நீள்வதை அடிக்கடி காண்கிறேன். உதிர்வு தொடங்கி ஆறு மாதங்களுக்குப் பிறகும் நீடித்தாலோ, வகிடு நாளுக்கு நாள் அகலமானாலோ, தலையில் வட்டமாக முடியில்லாத இடம் தோன்றினாலோ, பார்லருக்குப் போகாமல் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.