மோதிரம் ஆடினால் அவர் பொய்யரா?

"மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் ஆடினா 'ஆம்', இன்னொரு பக்கம் ஆடினா 'இல்லை'ன்னு வச்சுக்கிட்டு, 'அவர் என்னிடம் உண்மையாக இருக்கிறாரா'ன்னு கேட்டேன். ராத்திரி மூணு தடவையும் 'இல்லை'. காலையில் 'ஆம்'. எதை நம்புறது?"

இரண்டையும் நம்ப வேண்டாம், தோழி. ஆட்டுவது உங்கள் விரல்தான். வேண்டுமென்றே செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு சாண் நூல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 1 நொடி. அந்தத் தாளத்துக்கு விரல் துளி அசைந்தாலே, ஊஞ்சலைத் தள்ளுவதுபோல் ஆட்டம் சேர்ந்து பெரிதாகிவிடும். எந்தப் பக்கம் ஆடும் என்று மனசு எதிர்பார்க்கிறதோ அந்தப் பக்கம் விரல் தள்ளும்.

பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் இதைத் தன் கையிலேயே சோதித்து 1833இல் எழுதினார். பாதரசத்துக்கு மேலே பிடித்த ஊசல் நன்றாக ஆடியது. நடுவில் கண்ணாடித் தட்டை வைத்ததும் நின்றது. அவரே அசந்துபோனார். பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டார். தட்டு இருப்பது தெரியாதபோது அதனால் ஒரு பாதிப்பும் இல்லை!

நீங்களும் பாருங்கள். இரண்டு டம்ளரைக் கவிழ்த்து, ஒன்றினுள் காசை யாராவது ஒளித்து வைத்துவிட்டு அறையைவிட்டுப் போகட்டும் (முகத்தைப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்). மோதிரத்தைக் கேளுங்கள். 20 தடவை செய்தால் 10ஐ ஒட்டித்தான் சரியாக வரும். காசு இருக்கும் இடம் முன்பே தெரிந்தால் மட்டும் தப்பாது.

டம்ளருக்குள் இருப்பதே தெரியாத மோதிரத்துக்கு அவர் மனசு எப்படித் தெரியும்? ராத்திரி 'இல்லை' என்றது உங்கள் பயம். அன்றைக்கு மோதிரத்தை எடுக்கும் முன்னால் என்ன நடந்தது? அதை எழுதுங்கள், பேசலாம்.