ஓட்டுப் போடுவதை நிறுத்துங்கள், சம்பவத்தை எழுதி வாங்குங்கள்

"வள்ளியூர் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு கம்பெனி நடத்துகிறோம். மொத்தம் 60 பேர். மாதந்தோறும் ஊழியர்களே ஓட்டுப் போட்டு 'இந்த மாதச் சிறந்த ஊழியர்' தேர்ந்தெடுக்கிறார்கள். ஆபீசில் இருக்கும் இரண்டு மூன்று பேரே மாறி மாறி வாங்குகிறார்கள். சைட்டில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். இதற்கென்று ஒரு ஆப் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?"

ஆப் விஷயம் அப்புறம். முதலில் ஓட்டுப் போடுவதை நிறுத்துங்கள். 60 பேரில் எல்லோருக்கும் முகம் தெரிந்தவர் சம்பளப் பட்டியல் போடுகிறவரும் டீ சொல்லி அனுப்புகிறவரும்தான். ராதாபுரம் சைட்டில் கோபுரத்தின் மேல் ஏறி நிற்பவரை அவருடைய ஜோடியைத் தவிர யாருக்குத் தெரியும்? மிச்ச ஓட்டு ஊர்க்காரன், சொந்தக்காரன் என்று போய்விடும். அது யார் குற்றமும் இல்லை, ஓட்டு என்றால் அப்படித்தான்.

ஓட்டுக்குப் பதில் ஒரு சீட்டு வையுங்கள். அதில் மூன்றே கேள்வி: என்ன செய்தார், எந்தத் தேதியில், அவர் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "எப்போதும் சிரித்த முகம், கேட்டால் உதவுவார்" என்று வரும் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நல்ல சீட்டு இப்படி இருக்கும்: "மார்ச்சில் ஸ்டோர்க்காரர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு யா பிரேக் பேட் இரண்டு செட்தான் இருக்கிறது என்று சொல்லி, யாரும் கேட்காமலே ஆர்டர் போட்டார். ஜூனில் மூன்று மெஷினில் பேட் தேய்ந்தது. அன்றைக்கே மாற்றினோம்." இதை நீங்கள் சரிபார்க்கவும் முடியும். ஆர்டர் தேதி பதிவேட்டில் இருக்கும், பேட் மாற்றிய தேதி பிரேக்டவுன் நோட்டில் இருக்கும். முழுக்காற்று அடிக்கிற நாளில் ஒரு 250 கிலோவாட் மெஷின் நின்றால் 6,000 யூனிட் வரை போச்சு. அந்த ஸ்டோர்க்காரர் உங்கள் ஓட்டில் எத்தனை வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒருவருக்கு எத்தனை சீட்டு வந்தது என்று எண்ணவே கூடாது. எண்ணினால் பழையபடி ஓட்டுதான். ஒரே சீட்டானாலும் சரிபார்த்ததில் சம்பவம் உண்மையாக இருந்தால் போதும். படித்துப் பார்க்க மூன்று பேர் இருக்கட்டும்: சைட்டிலிருந்து ஒருவர், ஸ்டோரிலிருந்து ஒருவர், ஆபீசிலிருந்து ஒருவர். சுற்றுக்குச் சுற்று ஆளை மாற்றுங்கள். இவர் அவருக்கும் அவர் இவருக்கும் எழுதிக்கொள்கிற ஜோடி தென்பட்டால், அந்தச் சம்பவத்தை மூன்றாவது ஆளிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

மாதாமாதம் என்பதையும் விடுங்கள். "மாதம் ஒருவருக்குக் கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும்" என்று மேலிடத்தில் யாரோ உட்கார்ந்து எழுதிவிடுகிறார்கள். ஆள் கிடைக்காத மாதத்தில் முறை வைத்துக் கொடுக்கிறார்கள். போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டியாகிவிட்டது, அறிக்கை போயாகிவிட்டது, அவர்கள் கணக்கு தீர்ந்தது! உங்கள் தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்று மே முதல் செப்டம்பர் வரை. அதற்குள் நின்ற மெஷினை ஓடவிட்டவர் எல்லோர் கண்ணிலும் படுவார். பிப்ரவரியில் போல்ட் முறுக்கத்தைச் சரிபார்த்து, மெஷின் நிற்காமலே பார்த்துக்கொண்டவர் படமாட்டார். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு சுற்று வையுங்கள். ஆறேழு மாதம் பழைய வேலைக்கும் சீட்டு எழுதலாம் என்று சொல்லுங்கள். தகுதியான சீட்டு வராத சுற்றில் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒரே ஒரு விலக்கு. மேற்பார்வையாளர் தனக்குக் கீழே இருப்பவருக்குச் சீட்டு எழுதக் கூடாது என்று வையுங்கள், ஆனால் இரவு கன்ட்ரோல் ரூமில் தனியாக இருப்பவருக்கு இது பொருந்தாது. அவர் வேலையைப் பார்க்கச் சக ஊழியரே கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூடு ஏறுவதைக் கவனித்து மெஷினை நிறுத்தினார் என்றால், அதற்குச் சாட்சி லாக் புத்தகம் மட்டும்தான். ஆகவே அவருக்கு மட்டும் மேற்பார்வையாளரோ காலை ஷிஃப்டில் பொறுப்பேற்பவரோ எழுதலாம். லாக் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைச் சீட்டோடு காட்ட வேண்டும். வாட்ச்மேனுக்கும் இதே முறைதான். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் சலுகை காட்டுவதாகப் பேச்சு வரும்.

இப்போது ஆப். 60 பேருக்குத் தேவையில்லை. விற்க வருகிறவர் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் சொல்வார், பரிசுக் கூப்பனையும் தன்னிடமே வாங்கச் சொல்வார். அந்தக் கூப்பனில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள். இந்த ஆப்களில் பலவும் ஒவ்வொருவர் கையிலும் மாதம் இத்தனை பாயின்ட் கொடுத்து, கொடுக்காதது மாதக் கடைசியில் காலாவதி என்று வைத்திருக்கும். 30ஆம் தேதி "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுறேன்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாயின்டைக் கூப்பனாக மாற்றலாம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பரிசு சிறியதாக இருக்கட்டும். ரொக்கம் வேண்டாம், அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கும் வரும், அடுத்த வருடம் போனஸ் பேச்சிலும் வரும். காலைக் கூட்டத்தில் சீட்டை வார்த்தை மாற்றாமல் படியுங்கள். எழுதினவரே படித்தால் இன்னும் நல்லது.