தேதி இல்லாத கெடு கெடுவே அல்ல: பாக்கிப் பணம் பற்றி வாசகர் கேள்விகள்

வராத பணத்துக்குக் கோர்ட்டுக்குப் போகும் முன் எழுதும் கடைசிக் கடிதம் பற்றி இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் தேதியே எழுதவில்லை. தேதி இல்லாமல் இந்த விஷயத்தில் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது.

தண்டையார்பேட்டை வாசகர்: கடைசி நோட்டீஸை வக்கீல்தான் அனுப்ப வேண்டுமா? நானே எழுதினால் செல்லாதா?

செல்லும். உங்கள் கையெழுத்துப் போட்டு நீங்களே அனுப்பலாம். கணக்கு சரியாக இருப்பதுதான் முக்கியம், லெட்டர்ஹெட் யாருடையது என்பது அல்ல. ஆனால் செக் திரும்பிய விவகாரம் என்றால் வக்கீலிடம் போங்கள். அதில் ஒரு நாள் பிசகினாலும் வழக்கே போய்விடும்.

திருவொற்றியூர் வாசகர்: வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா? ப்ளூ டிக் விழுந்துவிட்டதே.

வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஆனால் தபாலிலும் அனுப்புங்கள். 2025-ல் ரிஜிஸ்டர்டு தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று கேட்டு, பதிவு வசதியும் டெலிவரிக்கான அத்தாட்சியும் வேண்டும் என்று சொல்லுங்கள். ரசீதைக் கடித நகலோடு பின் போட்டு வையுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: சின்ன தையல் யூனிட் நடத்துகிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு கடைக்கு நைட்டி சப்ளை செய்தேன். மூன்று பில், 30 நாள் கடன். ஒன்றரை லட்சத்துக்கு மேல் நிற்கிறது. "இன்னும் 7 நாட்களுக்குள் முழுப் பணமும் தராவிட்டால் கடுமையான சட்ட நடவடிக்கை எடுக்கப்படும், இதுவே இறுதி எச்சரிக்கை" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

இப்படியே அனுப்பாதீர்கள், அம்மா. என்னிடம் வரும் கடிதங்களில் பத்துக்கு எட்டு இப்படித்தான் இருக்கின்றன. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. உழைத்துச் சம்பாதித்த பணத்தை ஒரு தேதி எழுதாத சோம்பலால் இழக்கிறார்கள்.

7 நாள் எதிலிருந்து? கடிதத் தேதியிலிருந்தா, தபாலில் போட்ட நாளிலிருந்தா, அவர் கையில் கிடைத்த நாளிலிருந்தா? அவர் ஒன்று சொல்வார், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். முழுப் பணம் என்றால் எவ்வளவு? எந்த பில்லில் எவ்வளவு? நடுவில் அவர் கொடுத்த தொகையை எதில் கழித்தீர்கள்? "கடுமையான சட்ட நடவடிக்கை" என்றால் என்ன? வியாபாரம் செய்கிறவருக்கு இந்த வார்த்தை பழகிப்போயிருக்கும். ஒரு தேதியையும் என்ன வழக்கு என்பதையும் சொன்னால்தான் அவர் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார்.

நீங்கள் இணைத்திருந்த பில்களை வைத்து நானே எழுதிக் காட்டுகிறேன். பில் எண்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"தேதி: 10-11-2025. ஐயா, எங்கள் பில் எண் 41 (12-06-2025, ரூ.84,000), பில் எண் 46 (03-07-2025, ரூ.61,500), பில் எண் 52 (28-07-2025, ரூ.47,000) ஆகியவற்றின் சரக்கைத் தங்கள் கடை பெற்றுக்கொண்டது. பில்லில் உள்ள 30 நாள் கடன்படி இவற்றுக்கான பணம் முறையே 12-07-2025, 02-08-2025, 27-08-2025 தேதிகளில் வந்திருக்க வேண்டும். மொத்தம் ரூ.1,92,500. தாங்கள் 19-09-2025 அன்று வங்கி மூலம் அனுப்பிய ரூ.40,000-ஐ பில் எண் 41-ல் வரவு வைத்துள்ளோம். மீதி ரூ.1,52,500. கணக்கில் மாறுபாடு இருந்தால் 20-11-2025-க்குள் எழுத்தில் தெரிவிக்கவும். மீதித் தொகை 28-11-2025 வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் வந்து சேர வேண்டும். வராவிட்டால், மேலும் கடிதம் எழுதாமல், பண வசூல் வழக்குத் தொடர 01-12-2025 திங்கட்கிழமை அன்று ஆவணங்களை வழக்கறிஞரிடம் ஒப்படைப்போம். இக்கடிதத் தேதியிலிருந்து வட்டியும், வழக்குச் செலவும் சேர்த்துக் கோருவோம். இப்படிக்கு..."

அவ்வளவுதான். இதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. நாளைக்கு இந்தக் கடிதம் சான்றாவணமாகப் போகும்போது நீதிபதி இதைப் படிப்பார். உங்கள் நிதானமும் அவர் கண்ணில் படும், கணக்கும் படும்.

மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, மாறுபாடு இருந்தால் சொல்லச் சொன்னது. பதில் எழுதாமல் இருந்துவிட்டு, பிறகு கோர்ட்டில் வந்து "சரக்கு மோசம், பாதியைத் திருப்பிவிட்டேன்" என்று சொன்னால், அப்போதே ஏன் எழுதவில்லை என்று நம் பக்கம் கேட்க முடியும். ஒருவேளை உண்மையிலேயே சரக்கு திரும்பியிருந்தால் அதுவும் வழக்குக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, வட்டி. வட்டி பற்றி ஒப்பந்தம் இல்லாதபோது, வட்டி கேட்பேன் என்று எழுத்தில் அறிவித்திருந்தால், அறிவிப்பில் சொன்ன தேதியிலிருந்து வழக்குப் போடும் நாள் வரை வட்டி வழங்க 1978-ம் ஆண்டின் வட்டிச் சட்டம் கோர்ட்டுக்கு இடம் கொடுக்கிறது. அந்த ஒரு வரியை விட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் 24 சதவீதம், 36 சதவீதம் என்று மனம்போல எழுதாதீர்கள். ஒப்பந்தம் இல்லாமல் அந்தச் சட்டப்படி கிடைப்பது வங்கி டெபாசிட் வட்டி அளவுதான்.

மூன்றாவது, 28-ம் தேதி கெடு, 1-ம் தேதி நடவடிக்கை. அந்த 1-ம் தேதி நீங்கள் நிஜமாகவே வக்கீல் ஆபீசில் இருக்க வேண்டும். முடியாது என்றால் அந்தத் தேதியை எழுதாதீர்கள். "இறுதி" என்று எழுதிவிட்டு இரண்டாவது இறுதிக் கடிதம் அனுப்புகிறவரை எந்தக் கடைக்காரரும் மதிக்க மாட்டார். கெடுவுக்குள் அவர் பாதிப் பணம் அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் "மீதிக்கு 10-11-2025 கடிதம் அப்படியே நிற்கிறது" என்று அன்றே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். நோட்டீஸ் அனுப்புவதால் வழக்குப் போடுவதற்கான காலவரம்பு நிற்காது. கடன் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷம். உங்கள் முதல் பில்லுக்கு அது 12-07-2028. நடுவில் எத்தனை நோட்டீஸ் போனாலும் அந்தத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. அவர் அனுப்பிய 40,000 ரூபாயால் வரம்பு நீளும் என்றும் நம்பி உட்காராதீர்கள். பகுதிப் பணத்தால் வரம்பு நீள அவர் கையெழுத்திலோ, கையெழுத்திட்ட எழுத்திலோ ஒப்புதல் வேண்டும். வங்கிப் பரிமாற்றம் மட்டும் போதுமா என்பதில் வாதம் வரும். அந்த வாதத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

காசிமேடு வாசகர்: போட்டுகளுக்கு ஐஸ் சப்ளை செய்கிறேன். பார்ட்டி கொடுத்த 2 லட்சம் செக் திரும்பிவிட்டது. ஒரு மாதம் இருக்கும். வண்டி வாடகை, வட்டி எல்லாம் சேர்த்து 2.30 லட்சம் கேட்டு நோட்டீஸ் அனுப்பலாமா?

"ஒரு மாதம் இருக்கும்" என்று சொன்னால் நான் என்ன செய்வது, ஐயா? இந்த ஒரு தேதியில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்குக் கிடைத்த நாளைத் தள்ளி, மறுநாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். இன்றே அந்த மெமோவை எடுத்துப் பாருங்கள்.

30 நாள் தாண்டிவிட்டதா? செக்கின் மேலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் முடியவில்லை என்றால் மறுபடி வங்கியில் போடுங்கள். திரும்பினால் புது மெமோ, புது 30 நாள். இப்படிச் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த மூன்று மாதமும் போய்விட்டால் செக் வழக்குக்கான 138-வது பிரிவு உங்களுக்கு இல்லை, சிவில் வழக்கு மட்டும்தான்.

தொகை விஷயத்தில், செக்கில் 2,00,000 என்றால் நோட்டீஸிலும் 2,00,000 என்றே இருக்க வேண்டும். 2.30 என்று ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகும். தட்டச்சுப் பிழை என்று பிறகு சொன்னாலும் எடுபடாது. வாடகையையும் வட்டியையும் கேட்டே ஆக வேண்டும் என்றால் தனிப் பத்தியில், தனித் தொகையாக எழுதுங்கள். அவர் நோட்டீஸைப் பெற்றதிலிருந்து 15 நாள் அவருக்கு. அது முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் நீங்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். 15 நாள் முடியும் முன்பே ஓடிப்போய்க் கொடுத்தால் அந்தப் புகாரும் நிற்காது.

ராயபுரம் வாசகர்: நோட்டீஸை வாங்க மறுத்துவிட்டார். கவர் திரும்பி வந்துவிட்டது. மறுபடி அனுப்ப வேண்டுமா?

முகவரி சரியாக இருந்தால் வேண்டாம். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் போனது சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். திரும்பி வந்த கவரைப் பிரிக்காதீர்கள், தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே கோர்ட்டுக்குப் போகட்டும். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று திரும்பியிருந்தால் மட்டும் முகவரியை விசாரித்து மறுபடி அனுப்புங்கள்.

வியாசர்பாடி வாசகர்: லேத் பட்டறை. உத்யம் பதிவு நாலு வருஷமாக இருக்கிறது. கம்பெனி ஐந்து மாதமாக இழுத்தடிக்கிறது.

அப்படியென்றால் உங்கள் கடிதத்தில் 2006-ம் ஆண்டு சிறு, குறு தொழில் சட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கடன் என்று ஒப்பந்தம் போட்டிருந்தாலும் செல்லாது. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. கெடு தாண்டினால், இந்தப் பாக்கிகளை விசாரிக்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போவேன் என்று தேதியோடு சொல்லுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகள் இதை நம்பி எழுத வேண்டாம், தாமத வட்டிச் சலுகை அவர்களுக்கு இல்லை.

பெரம்பூர் வாசகர்: 2021 ஆரம்பத்தில் கொடுத்த கைமாற்று. இப்போது நோட்டீஸ் அனுப்பினால் உயிர் வருமா?

வராது. மூன்று வருஷத்துக்குள் அவர் கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்ட கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் தேதியிலிருந்து இன்னொரு மூன்று வருஷம். இல்லை என்றால், தருகிறேன் என்று இப்போது புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க அவரே சம்மதித்தால்தான் வழி உண்டு.

கொடுங்கையூர் வாசகர்: பணம் தராவிட்டால் போலீசில் சொல்வேன், ஏரியா குரூப்பில் போட்டோவோடு போடுவேன் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். போலீஸ் வசூல் செய்து தரும் இடம் அல்ல. குரூப்பில் போட்டால் அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடுவார். உங்கள் கேள்வியில் பில் தேதியும் இல்லை, தொகையும் இல்லை. இரண்டையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.